மண்டபத்துத் திரைக்கு வீடியோ தயாரித்தல்

கல்யாண மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் நிற்கும் எல்இடி வால், வீட்டு டிவியைப் போல ஒரே துண்டாக வருவதில்லை. கேபினெட் எனப்படும் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகவும் பக்கம் பக்கமாகவும் பூட்டி அன்றன்றைக்குக் கட்டுகிறார்கள். விசேஷம் முடிந்ததும் கழற்றி வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். வாடகைக்கு வரும் கேபினெட்டுகளில் பரவலானது அரை மீட்டர் அகலமும் அரை மீட்டர் உயரமும் கொண்ட சதுரப் பெட்டி. அதன் முகப்பில் எல்இடி விளக்குகள் புள்ளிபுள்ளியாகப் பதிந்திருக்கும். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள இடைவெளிக்குப் பிட்ச் என்று பெயர். பி3.91 என்று சொன்னால் இடைவெளி 3.91 மில்லிமீட்டர், அதாவது ஒரு பெட்டியில் குறுக்கே 128 புள்ளி, நெடுக்கே 128 புள்ளி. இன்னும் நெருக்கமான பி2.6 பெட்டியில் இது 192க்கு 192. இந்தப் புள்ளிகள்தான் பிக்சல்கள். புள்ளிக் கோலத்தில் எத்தனை புள்ளி வைத்தார்களோ அதற்குள்தான் கோலம் அடங்க வேண்டும் என்பதுபோல, சுவரில் எத்தனை பிக்சல் இருக்கிறதோ அதற்குள்தான் படம் அடங்க வேண்டும்.

வீடியோ தயாரிப்பவருக்குத் தெரிய வேண்டிய முதல் செய்தி இந்த எண்ணிக்கை. ஆனால் மண்டபத்திலோ வாடகைக்காரரிடமோ கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் அடிக்கணக்கில் இருக்கும். ‘பன்னிரண்டுக்கு எட்டு’ என்பது வழக்கமான ஓர் அளவு. அரை மீட்டர் பெட்டிகளை வைத்து அச்சாகப் பன்னிரண்டடி அகலத்தைக் கட்ட முடியாது. குறுக்கே 7 பெட்டி வைத்தால் 3.5 மீட்டர், அதாவது பதினொன்றரை அடி. நெடுக்கே 5 பெட்டி வைத்தால் 2.5 மீட்டர், எட்டடிக்குச் சற்று மேல். இதைத்தான் பன்னிரண்டுக்கு எட்டு என்று சொல்லிக் கட்டுவார்கள். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ‘எத்தனை அடி?’ என்பதல்ல, ‘குறுக்கே எத்தனை கேபினெட், நெடுக்கே எத்தனை கேபினெட், எந்தப் பிட்ச்?’ என்பதே. இந்த மூன்றும் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் பெருக்கல் கணக்கு. பி3.91இல் 7 பெட்டி அகலம் 896 பிக்சல், 5 பெட்டி உயரம் 640 பிக்சல். கட்டுரையின் எஞ்சிய பகுதி இந்த 896க்கு 640 சுவரையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

இந்தச் சுவரில் மொத்தம் இருப்பது ஏறத்தாழ 5.7 லட்சம் பிக்சல். சாதாரண ஃபுல் எச்டி வீடியோவில், அதாவது 1920க்கு 1080இல், 20.7 லட்சம் பிக்சல் இருக்கிறது. ஃபுல் எச்டியையே பாதிக்கும் கீழாகச் சுருக்கித்தான் இந்தச் சுவர் காட்டுகிறது. ‘4கே-வில் எடிட் செய்து தருகிறோம்’ என்று கூடுதலாக வாங்கும் பணத்துக்கு இந்தத் திரையில் எந்தப் பலனும் தெரியாது. பின்னால் வீட்டு டிவியில் பார்க்க 4கே உதவும். அது வேறு கணக்கு. மண்டபத்தில் படத்தின் தரத்தைத் தீர்மானிப்பவை சுவரின் வடிவமும், எழுத்தின் பருமனும், வெளிச்சமும்தான்.

வடிவத்தை எடுத்துக்கொண்டால், கேமராவும் மொபைலும் எடுக்கும் படம் 16க்கு 9 என்ற விகிதத்தில் இருக்கிறது. உயரத்தைப்போல் 1.78 மடங்கு அகலம். 896க்கு 640 சுவரின் அகலமோ உயரத்தைப்போல் 1.4 மடங்குதான். இரண்டும் பொருந்தாது. பொருந்தாத படத்தை ஒரு சட்டத்துக்குள் கொண்டுவர மூன்று வழிகள்தான் உண்டு. முழுப் படத்தையும் அகலத்துக்குச் சரியாகப் பொருத்தினால் அது 896க்கு 504 ஆகி, மேலே 68 பிக்சலும் கீழே 68 பிக்சலும் கறுப்பாக நிற்கும். உயரத்துக்குச் சரியாக நிரப்பினால் சுவர் முழுக்கப் படம் வரும், ஆனால் படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு, இடமும் வலமுமாக வெட்டுப்படும். மூன்றாவது வழி, இழுத்துப் பொருத்துவது. அப்படிச் செய்தால் எல்லோரும் 27 சதவீதம் உயரமாக, கன்னம் ஒடுங்கி, ஒல்லியாகத் தெரிவார்கள். மணப்பெண்ணின் முகத்தை அவளுடைய சொந்தக்காரர் ஐந்நூறு பேர் முன்னால் அப்படிக் காட்டுவதைவிடக் கறுப்புப் பட்டை எவ்வளவோ மேல்.

யாரும் வேண்டுமென்று இழுப்பதில்லை. பிரச்சினை ப்ராசசரில் இருக்கிறது. லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் நேராகச் சுவருக்குப் போவதில்லை. நடுவில் ப்ராசசர் என்ற பெட்டிக்குப் போகிறது. அதுதான் படத்தைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொரு கேபினெட்டுக்கும் அனுப்புகிறது. லேப்டாப் தருவது 1920க்கு 1080. ப்ராசசரில் வேறு எதுவும் சொல்லாவிட்டால், வந்த படம் முழுவதையும் இருக்கிற சுவர் முழுவதிலும் விரித்துவிடும். விகிதம் அதற்குக் கணக்கில்லை. இன்னும் சில இடங்களில் ப்ராசசரைப் ‘புள்ளிக்குப் புள்ளி’ முறையில் வைத்திருப்பார்கள். அப்போது சுருக்கலும் இல்லை, இழுத்தலும் இல்லை. வந்த படத்தின் இடது மேல் மூலையிலிருந்து 896க்கு 640 பகுதியை மட்டும் வெட்டி அப்படியே காட்டும். படத்தின் நடுவில் நிற்கும் மணமக்களில் ஒருவர் பாதி முகத்தோடு வலது விளிம்பில் நிற்பார். திரையில் முகம் நீண்டு தெரிந்தால் காரணம் முதல் முறை. ஒரு மூலை மட்டும் பெரிதாகத் தெரிந்தால் காரணம் இரண்டாவது முறை. பார்த்த உடனே இதைப் பிரித்தறிந்துவிடலாம்.

இந்த இரண்டுக்கும் எடிட்டர் முன்கூட்டியே வழி செய்யலாம். எடிட்டிங் மென்பொருளில் புதிய சீக்வென்ஸ் தொடங்கும்போதே அளவை 896க்கு 640 என்று கையால் அடித்துக்கொள்வதே சிறந்தது. பிக்சல் சதுரமானது என்ற அமைப்பும் இருக்க வேண்டும். இந்த அளவில் வேலை செய்தால், கணினியில் நூறு சதவீதப் பார்வையில் தெரிவதும் சுவரில் தெரியப்போவதும் புள்ளிக்குப் புள்ளி ஒன்றே. ஃபுல் எச்டியில் எடுத்த காட்சியை இதற்குள் போட்டு 46.7 சதவீதம் என்று வைத்தால் முழுப் படமும் பட்டையோடு வரும். 59.3 சதவீதம் என்று வைத்தால் சுவரை நிரப்பும். ஒவ்வொரு காட்சிக்கும் இதில் எது என்று மனிதக் கண்தான் முடிவு செய்ய வேண்டும். மணமக்கள் நடுவில் நிற்கும் காட்சி நிரப்புவதற்கு ஏற்றது. இரு வீட்டாரும் வரிசையாக நிற்கும் குடும்பப் படத்தை நிரப்பினால், ஓரத்தில் நிற்கும் பெரியப்பாவும் அத்தையும் வெளியே போய்விடுவார்கள். அந்த மனக்கசப்பு கல்யாண வீட்டில் எளிதில் ஆறாது. அப்படிப்பட்ட படங்களைப் பட்டையோடு விடலாம். எல்இடி சுவரில் கறுப்பு என்றால் அங்கே விளக்கு எரியவில்லை என்று பொருள். இரவு வரவேற்பில் அந்தப் பட்டை யார் கண்ணையும் உறுத்தாது.

மொபைலில் நெட்டுக்குத்தாக எடுத்த வீடியோக்கள் இன்று எல்லாக் கல்யாணத்திலும் வருகின்றன. வெளியூரில் இருக்கும் நண்பர்களின் வாழ்த்தெல்லாம் அந்த வடிவத்தில்தான் வரும். அதை 640 உயரத்துக்குப் பொருத்தினால் அகலம் 360 பிக்சல் மட்டுமே. மிச்சம் 536 பிக்சல் வெறுமையாகக் கிடக்கும். அதே வீடியோவை மங்கலாக்கிப் பின்னால் நிரப்புவது எல்லோரும் செய்வது. ஆனால் பெரிய சுவரில் அந்த மங்கல் படம் அசைந்துகொண்டே இருந்து கவனத்தைக் கெடுக்கும். வாழ்த்துபவரை ஒரு பக்கம் வைத்து, மறுபக்கத்தில் அவர் பெயரையும் ஊரையும் பெரிய எழுத்தில் போட்டால் இடமும் நிரம்பும், பேசுவது யார் என்பதும் பின்வரிசைக்குத் தெரியும்.

வேலை முடிந்ததும் ப்ராசசர் எந்த முறையில் இருக்கிறது என்று ஆபரேட்டரிடம் கேட்டு, அதற்கேற்ப வெளியே எடுக்க வேண்டும். புள்ளிக்குப் புள்ளி என்றால், 1920க்கு 1080 கறுப்புத் தளத்தின் இடது மேல் மூலையில் இந்த 896க்கு 640 படத்தை அளவு மாற்றாமல் ஒட்டி எடுக்கலாம். இதுவே மிகக் கூர்மையான படத்தைத் தரும். முழுவதையும் விரிக்கும் முறை என்றால், ப்ராசசரில் உள்ளீட்டின் நடுப்பகுதி 1512க்கு 1080ஐ மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். அந்தப் பகுதியின் விகிதமும் 1.4தான். அப்போது 896க்கு 640 படத்தை 1512க்கு 1080ஆகப் பெரிதாக்கிக் கறுப்புத் தளத்தின் நடுவில் வைத்தால் போதும். அமைப்பைத் தொட ஆபரேட்டர் தயங்கினால் இன்னொரு வழியும் உண்டு. 896க்கு 640 படத்தை விகிதம் பாராமல் 1920க்கு 1080 ஆக இழுத்து எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். லேப்டாப்பில் அது பருத்துத் தெரியும். ப்ராசசர் மறுபடி ஒடுக்கும்போது சுவரில் சரியாகிவிடும். இந்தக் கோப்பின் பெயரிலேயே ‘சுவருக்கு மட்டும்’ என்று எழுதி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் யாராவது அதையே உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள்.

அடுத்தது எழுத்து. தமிழ் எழுத்து இந்தச் சுவர்களில் ஆங்கிலத்தைவிட விரைவில் கெடுகிறது. சுழியும் புள்ளியும் மேல்விசிறியும் உள்ள எழுத்துக்குப் பிக்சல் அதிகம் வேண்டும். வழக்கமான ஃபுல் எச்டி சட்டத்தில் 30 பிக்சல் உயரத்தில் மண்டபத்தின் பெயரைப் போட்டால், சுவரை நிரப்பும் அளவில் அது 18 பிக்சலாகச் சுருங்கும். அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்குக் கிடைப்பது இரண்டு பிக்சல்தான். ‘க்’ என்பதும் ‘க’ என்பதும் ஒன்றாகிவிடும். ‘ண’வில் உள்ள சுழிகள் ஒட்டிக்கொள்ளும். தூரத்தை வைத்துப் பார்த்தால், பத்தடிக்கு ஓர் அங்குல எழுத்து என்பது விளம்பரப் பலகை எழுதுவோர் கையாளும் பழைய கணக்கு. அறுபதடி நீள மண்டபத்தின் கடைசி வரிசைக்கு ஆறு அங்குலம் வேண்டும். பி3.91 சுவரில் 40 பிக்சல் என்பது 156 மில்லிமீட்டர், அதாவது ஆறு அங்குலத்துக்கு மிக அருகில். ஆகவே இந்தச் சுவரில் எந்தத் தமிழ் எழுத்தும் 40 பிக்சலுக்குக் குறையாமலும், கோடு மூன்று பிக்சலுக்கு மெலியாமலும் இருப்பது நல்லது. மணமக்களின் பெயருக்கு இதில் இரு மடங்கு கொடுக்கலாம். அழைப்பிதழில் அழகாக இருந்த மெல்லிய அலங்கார எழுத்துருவை இங்கே கொண்டுவரக் கூடாது. அதன் கோடுகள் சுவரில் அங்கங்கே அறுந்து தெரியும்.

யூனிகோட் தமிழில் பெயர் அடிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அடோபி ப்ரீமியரிலும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலும் எழுத்து இயந்திரம் `South Asian and Middle Eastern` என்று மாற்றப்படாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி, ‘கொ’ போன்ற எழுத்துகள் சிதறி விழும். எடிட்டருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் அவர் கண்ணுக்கு அது தெரியாது. வீட்டில் ஒருவர் பெயர்களை எழுத்தெழுத்தாகப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வெளிச்சத்தில் எல்இடி சுவரின் குணம் வேறு. அது தானே ஒளிரும் பொருள். வெள்ளைப் பின்னணியில் செய்த அழைப்பிதழ் வீடியோ ஓடும்போது எண்பது சதுர அடிக்கும் மேற்பட்ட வெள்ளை விளக்கு மேடைக்குப் பக்கத்தில் எரிவதாகிவிடும். முன்வரிசைக்குக் கண் கூசும், மேடையில் நிற்பவர்களின் முகத்தில் ஒரு பக்கம் நீல வெள்ளை படியும், படமெடுப்பவர் திணறுவார். பின்னணிக்குக் கரும்பச்சை, அரக்கு, கருநீலம் போன்ற அடர்நிறங்களே பொருந்தும். அதே சமயம் ஒளியைக் கூச்சமில்லாத அளவுக்கு ஆபரேட்டர் குறைக்கும்போது, படத்தின் மிக இருண்ட பகுதிகளில் உள்ள நுண் வேறுபாடுகள் மறைந்து, படிப்படியான கறைகளாகத் தெரியும். மாலை வேளையில் எடுத்த ‘ப்ரீ-வெடிங்’ காட்சிகளில் இது அதிகம். இருட்டை ஓரளவு தூக்கிவிட்டால் சரியாகும். பட்டுப்புடவையின் மெல்லிய கட்டமும் சரிகைக் கோடுகளும் வேறொரு தொல்லை. பிக்சலைவிட நெருக்கமான கோடுகள் சுருங்கும்போது நெளிநெளியாக மின்னும். அந்தக் காட்சியை மட்டும் துளி மங்கலாக்கினால் மின்னல் அடங்கும்.

எல்லா மண்டபத்திலும் எல்இடி வால் கிடைப்பதில்லை. நடுத்தர மண்டபங்களில் இன்னும் புரொஜெக்டரும் துணித் திரையும்தான். இங்கே பிக்சல் கணக்கு எளிது. புரொஜெக்டருக்குள் இருக்கும் தகட்டின் அளவுதான் படத்தின் அளவு: ஃபுல் எச்டி, அல்லது 16க்கு 10 விகிதமுள்ள 1280க்கு 800, பழைய கருவி என்றால் 4க்கு 3 விகிதமுள்ள 1024க்கு 768. இதில் எது என்று கருவியின் அடியில் ஒட்டியுள்ள மாதிரி எண்ணை வைத்துக் கண்டுகொள்ளலாம். துணித் திரை பெரும்பாலும் பன்னிரண்டுக்கு ஒன்பது போன்ற 4க்கு 3 வடிவத்தில் இருக்கும். அதில் 16க்கு 9 படம் ஆறே முக்கால் அடி உயரத்துக்குத்தான் வரும். மிச்சமுள்ள துணியை இழுத்து நிரப்ப முயல வேண்டாம். திரையை அந்த அளவுக்கு மட்டும் இறக்கலாம், அல்லது மீதியைக் கறுப்புத் துணியால் மறைக்கலாம்.

புரொஜெக்டரின் உண்மையான எதிரி மண்டபத்து விளக்கு. 4000 லூமன் கருவி பன்னிரண்டடி அகலப் படத்தின் மீது விழுத்தும் ஒளி சதுர மீட்டருக்குச் சுமார் 530 லூமன். அதே திரையில் மண்டப விளக்கின் ஒளி 250 விழுந்தால், வெள்ளை 780, கறுப்பு 250. மூன்றுக்கு ஒன்று என்ற வேறுபாடுதான் மிஞ்சும். எல்இடியில் நன்றாக இருந்த இருண்ட காட்சிகள் இங்கே சாம்பல் திட்டுகளாகிவிடும். ஆகவே எல்இடிக்குச் செய்த வீடியோவை அப்படியே புரொஜெக்டரில் ஓட்டக் கூடாது. நடுத்தர ஒளிகளை நன்றாகத் தூக்கி, நிறங்களைச் சற்று அழுத்தமாக்கி வேறொரு பிரதி எடுக்க வேண்டும். திரைக்கு நேர் மேலே உள்ள விளக்குகளை மட்டும் அணைக்க மண்டபத்து எலக்ட்ரீஷியனிடம் முன்பே சொல்லி வைப்பது இதைவிடப் பெரிய பலன் தரும். கருவியைப் பக்கவாட்டில் ஓரமாக வைத்துவிட்டு, கோணலான படத்தைக் கீஸ்டோன் பொத்தானால் நேராக்குவதும் வழக்கம். நேராவது உண்மைதான். ஆனால் அதற்காகத் தகட்டின் ஒரு பகுதிப் பிக்சல்கள் கைவிடப்படுகின்றன, எழுத்து மங்குகிறது. கருவியைத் திரையின் நடுக்கோட்டுக்கு நேராக வைத்தால் அந்தப் பொத்தானே வேண்டியதில்லை.

கோப்பைப் பொறுத்தவரை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. H.264 முறையில் MP4 கோப்பாக, நொடிக்கு 15 முதல் 20 மெகாபிட் அளவில் எடுத்தால் எந்த லேப்டாப்பிலும் ஓடும். H.265 பழைய லேப்டாப்பில் விக்கி விக்கி ஓடலாம். சுவருக்குப் படம் பொதுவாக நொடிக்கு 60 முறை அனுப்பப்படுவதால், புகைப்படங்கள் மெல்ல நகரும் தொகுப்புகளை நொடிக்கு 30 ஃப்ரேமில் எடுத்தால் நகர்வு வழுக்கிச் செல்லும். 25இல் எடுத்தால் சில ஃப்ரேம்கள் இரண்டு முறையும் சில மூன்று முறையுமாகக் காட்டப்பட்டு, மெல்லிய அதிர்வு தெரியும். கேமராவில் 25இல் எடுத்த காட்சிகளை 30ஆக மாற்ற வேண்டாம். அது இன்னும் கெடுக்கும். கோப்பைப் பென்டிரைவில் கையோடு கொண்டுபோக வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். லேப்டாப்பில் திரையை ‘டூப்ளிகேட்’ செய்யாமல் ‘எக்ஸ்டெண்ட்’ செய்தால், நடுவில் வரும் அறிவிப்புகள் ஊரார் பார்வைக்குப் போகாது.

இத்தனைக்கும் பிறகு, சரியாக இருக்கிறதா என்று அறிய ஒரே ஒரு சோதனைப் படம் போதும். 896க்கு 640 அளவில் ஒரு படம் வரைந்து, நான்கு விளிம்பையும் ஒட்டி ஒரு பிக்சல் பருமனில் வெள்ளைக் கோடு போட வேண்டும். நடுவில் ஒரு பெரிய வட்டம், நான்கு மூலைகளில் 1, 2, 3, 4 என்ற எண்கள், கீழே 40 பிக்சலில் மணமக்களின் பெயர். வீடியோவை எந்த வழியில் வெளியே எடுத்தார்களோ அதே வழியில் இதையும் எடுத்து ஓட்ட வேண்டும். வட்டம் முட்டை வடிவமானால் விகிதம் தவறு. ஏதாவது ஒரு பக்கத்தில் கோடு தெரியாவிட்டால் படம் வெட்டுப்படுகிறது. கோடு ஓரிடத்தில் உடைந்து இடம் தள்ளித் தெரிந்தால் கேபினெட்டுகளின் வரிசை ப்ராசசரில் தவறாக அமைந்திருக்கிறது. கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பெயரைப் படிக்க முடியாவிட்டால் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். சுவரைக் கட்டி முடித்த உடனே, வரவேற்புக்குக் கூட்டம் வருமுன் இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே வாடகைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். கேபினெட் எண்ணிக்கையையும் பிட்ச்சையும் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.